மணப்பெண்ணின் உதடு: வறட்சி, நிறம், மினுமினுப்பு குறித்துப் படத்திருத்துநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தை மாதக் கல்யாணப் படங்களில் பெண்ணின் உதடு வெளிறித் தெரிகிறது. நிறத்தை ஏற்றினால் பூசியது போல் ஆகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நிறத்தைத் தொடாமல் தொடங்க வேண்டும். உதட்டின் மேல்தோல் முகத்தின் பிற பகுதிகளைவிட மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை, எண்ணெய்ச் சுரப்பிகளும் அநேகமாக இல்லை. எனவே வறண்ட காற்று வீசும் மாதங்களில், விடிவதற்கு முன்பே எழுந்து, வெறும் வயிற்றோடு மேடையில் அமரும் பெண்ணின் உதடு, ஒப்பனை போட்ட சிறிது நேரத்திலேயே மேற்பரப்பில் உரியத் தொடங்கிவிடுகிறது. உரிந்த செதில்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. அப்படிச் சிதறிய வெண்மை உதட்டின் சொந்த நிறத்தின்மேல் ஒரு படலமாகப் படிவதால்தான் உதடு வெளிறியதாகத் தெரிகிறது. காங்கேயத்துச் செம்மண் காய்ந்து கிடக்கும்போது வெளிறியும், ஒரு மழை பெய்ததும் அடர் சிவப்பாகவும் தெரிவது ஏறத்தாழ இதே காரணத்தால்தான். அங்கே மண்ணின் நிறம் மாறவில்லை, மேற்பரப்பு ஒளியைத் திருப்பும் விதம் மாறியிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் வேலையின் வரிசை தானாகவே அமைந்துவிடும். முதலில் படம் முழுவதற்குமான வெள்ளைச் சமநிலை, அடுத்து உதட்டின் வறட்சி, அடுத்து வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு, அதன்பின் நிறம், கடைசியாக மினுமினுப்பு. செதில்களை நீக்கி முடித்தபின் பார்த்தால், முதலில் குறைவு என்று தோன்றிய நிறத்தில் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும். வரிசையை மாற்றி நிறத்தை முதலில் ஏற்றுகிறவருக்குச் செதில்களும் சேர்ந்து சிவந்து, உதடு ரணமானது போல் தெரியும். அதை மறைக்க மங்கலாக்குவார். மங்கலாக்கியதும் மினுமினுப்பு போய்விடும். பிறகு வெள்ளையை வரைவார். ஆல்பங்களில் நாம் காணும் மெழுகு உதடுகள் பெரும்பாலும் இந்த வழியில் உருவானவையே.

எல்லாப் படத்துக்கும் இந்த வேலையைச் செய்ய முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. விரித்தால் 12 × 36 அங்குலம் வரும் ஆல்பப் பக்கத்தின் உயரம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3600 புள்ளிகள். முழு உருவப் படம் ஒன்று அந்த உயரத்தில் நின்றால் உதட்டின் அகலம் ஏறத்தாழ நூறு புள்ளிதான் வரும். அதில் செதில் தெரியப் போவதில்லை. முகம் மட்டும் நிறையும் நெருக்கப் படங்களிலும், சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாக்கும் ஓரிரு படங்களிலும் மட்டும் கீழே சொல்லும் முழு வேலையையும் செய்தால் போதும்.

வெள்ளைச் செதிலையும் வெடிப்பையும் எடுத்தால் உதடு ரப்பர் போல ஆகிவிடுகிறதே?

எடுக்க வேண்டியதையும் விட்டுவைக்க வேண்டியதையும் பிரித்துப் பார்க்காததே இதற்குக் காரணம். உதட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரிகள் எல்லோருக்கும் இயற்கையாகவே உண்டு. அவைதான் அதை உதடு என்று கண்ணுக்குக் காட்டுகின்றன. அந்த வரிகளின்மேல் குறுக்காகவோ ஒழுங்கில்லாமலோ ஒட்டியிருக்கும் வெண்செதில், லிப்ஸ்டிக் திரண்டு நிற்கும் கட்டி, ஒரு வரி மட்டும் பிளந்து ஆழமாகக் கறுத்திருக்கும் வெடிப்பு ஆகிய மூன்றுமே வறட்சியின் அடையாளங்கள். வரியை எடுத்துவிட்டுச் செதிலை மங்கலாக்கினால் ரப்பர்தான் கிடைக்கும்.

ஃபோட்டோஷாப்பில் படத்தின்மேல் வெற்று லேயர் ஒன்றைத் திறந்து, Clone Stamp கருவியில் Sample என்பதை Current & Below என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்செதிலுக்கு அந்தக் கருவியின் Mode-ஐ Darken ஆக மாற்றி, Opacity-ஐ 30 முதல் 40 வரை வைத்தால், மாதிரி எடுத்த இடத்தைவிட வெளிறிய புள்ளிகள் மட்டுமே மாறும். செதிலுக்கு நடுவே நல்லபடியாக இருக்கும் வரி அசையாது. வெடிப்புக்கு இதையே தலைகீழாகச் செய்து Lighten வைக்க வேண்டும். அப்போது கறுத்த பிளவு மட்டும் மேலே எழும்பும். மாதிரியை அதே உதட்டில், ஏறத்தாழ அதே உயரத்தில், பக்கத்து வரியிலிருந்து எடுக்க வேண்டும். ஏனெனில் கீழுதட்டின் நடுவில் வரிகள் நேராக ஓடுகின்றன, கடைவாயை நெருங்க நெருங்கச் சாய்கின்றன. நடுவிலிருந்து எடுத்த வரியை ஓரத்தில் ஒட்டினால், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ நெருடும்.

Healing Brush உதட்டின் உட்பகுதியில் நன்றாகவே வேலை செய்யும். உதடும் தோலும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கருவி சுற்றியுள்ள நிறத்தோடு கலக்க முயல்வதால், தோலின் நிறத்தை உதட்டுக்குள்ளும் உதட்டின் சிவப்பைத் தோலுக்கும் இழுத்துவிட்டு ஓரத்தில் ஒரு கறையை உண்டாக்கும். ஓரத்துக்கு எப்போதும் Clone Stamp தான்.

வெடிப்பை முழுவதும் மூட வேண்டாம். அதன் கருமை பக்கத்து வரிகளின் அளவுக்குக் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அது இன்னொரு வரியாக மாறி மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் ஃப்ரீக்வென்சி செபரேஷன் போதாதா? வேகமாக முடிந்துவிடுமே.

கன்னத்துக்கும் நெற்றிக்கும் அது போதும். உதட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த முறை படத்தை நுண் அமைப்பு ஒரு லேயர், நிறமும் வெளிச்சமும் ஒரு லேயர் என்று பிரிக்கிறது. கன்னத்தில் இந்தப் பிரிவு ஓரளவு சுத்தமாக விழும். உதட்டிலோ மினுமினுப்பின் கூரிய விளிம்பு மேல் லேயருக்கும், அதன் உடல் கீழ் லேயருக்கும் போய்விடுகிறது. கீழ் லேயரைத் தேர்ந்து மங்கலாக்கும்போது மினுமினுப்பின் வெண்மை உதடெங்கும் பரவி, பால் தெளித்தது போன்ற ஒரு மூட்டம் வரும். அது வந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு: மினுமினுப்புக்கு ஒரு விரல் அளவு தள்ளியிருக்கும் இடத்தைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அங்கே நிறம் வெளிறியிருந்தால் மூட்டம் பரவிவிட்டது என்று பொருள்.

செதிலை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த இடம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது.

செதில் இருந்த இடத்தில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று கூடுதல் வெளிச்சம், மற்றொன்று குறைந்த நிறச்செறிவு. குறைந்த Opacity-யில் நகலெடுத்தபோது முதல் குறை தீர்ந்து, இரண்டாவதில் பாதி தங்கிவிட்டது. இன்னொரு வெற்று லேயரைத் திறந்து அதன் கலப்பு முறையை Color என்று மாற்றி, பக்கத்திலேயே நலமாக இருக்கும் உதட்டின் நடுநிலை வெளிச்சப் பகுதியிலிருந்து நிறத்தை எடுத்து, Flow 5 அளவில் மென்மையான பிரஷால் இரண்டு மூன்று முறை தடவினால் சாம்பல் மறையும். நிறத்தை மினுமினுப்பிலிருந்தோ இருண்ட வரியிலிருந்தோ எடுக்கக் கூடாது. Color முறை வெளிச்சத்தைத் தொடாது என்பதால் வரிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

மேலுதடு கறுத்தும் கீழுதடு வெளுத்தும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கலாமா?

ஒன்றாக்கக் கூடாது, பெரும்பாலும் அந்த வேறுபாடு குறையே அல்ல. வெளிச்சம் மேலிருந்து வரும்போது மேலுதட்டின் முகப்பு சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நிழலில் நிற்கிறது; கீழுதடு மேல்நோக்கித் திரும்பியிருப்பதால் ஒளியை வாங்குகிறது. உதட்டுக்கு வடிவம் தருவது இந்த வேறுபாடுதான். இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் உதடு முகத்தில் ஒட்டிய தாள் போலத் தட்டையாகிவிடும். தவிர, நம் பகுதியில் பலருக்கு மேலுதட்டின் ஓரம் இயல்பிலேயே பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறத்திலோ இருக்கும். அது அந்த முகத்துக்கு உரியது.

சரிசெய்ய வேண்டியவை வேறு. லிப்ஸ்டிக் கலைந்து ஒரு கடைவாயில் மட்டும் சொந்த நிறம் எட்டிப் பார்ப்பது ஒன்று. மண்டபத்து மஞ்சள் விளக்கு ஒரு பக்கமும் வீடியோகாரரின் வெள்ளை எல்இடி மறுபக்கமும் விழுந்து, ஒரே உதட்டின் இரு பாதிகளும் இரு நிறமாகத் தெரிவது இன்னொன்று. முதலாவதற்கு, மேலே சொன்ன Color லேயரே போதும். இரண்டாவதற்கு Curves லேயர் ஒன்றை வைத்து, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, மஞ்சள் விழுந்த பாதியில் மட்டும் வெள்ளைப் பிரஷால் திறந்து, Blue சேனலின் நடுப்புள்ளியைச் சற்று உயர்த்துங்கள். முழுவதும் நீக்கிவிடாதீர்கள், அதே பக்கத்துக் கன்னம் மஞ்சளாக இருக்கும்போது உதடு மட்டும் வெள்ளை விளக்கில் இருப்பது போல் தெரிந்தால் அது மோசமான பிழை. கீழுதட்டின் அடியில் கழுத்து நகையிலிருந்து ஏறும் பொன்னிற எதிரொளியையும் அப்படியே விட்டுவிடலாம். அது நகை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது.

வெளிச்சத் திட்டுகளுக்கு இரண்டு Curves லேயர்கள் வேண்டும், ஒன்று சற்றே ஏற்றியது, ஒன்று சற்றே இறக்கியது. இரண்டின் கலப்பு முறையையும் Luminosity ஆக்கிவிட்டால் வெளிச்சம் மாறும்போது நிறச்செறிவு கூடவே ஏறி இறங்காது. இவற்றில் வேலை செய்யும்போது எல்லாவற்றுக்கும் மேலே நடுச்சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை Color முறையில் வைத்துக்கொண்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்; நிறத்தால் ஏமாறாமல் வெளிச்சத்தை மட்டும் பார்க்கலாம். முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் பக்கங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு உடனே கண்ணில் படும்.

உதட்டின் வடிவத்தை Liquify கொண்டு நேராக்குவது பற்றியும் இந்த இடத்தில் பலர் கேட்கிறார்கள். லிப்ஸ்டிக் ஓரம் கோணலாகப் பூசப்பட்டிருந்தால் அந்த ஓரத்தைத் திருத்துங்கள். உதடே ஒரு பக்கம் சற்று உயர்ந்திருந்தால் அந்த முகத்தை அடையாளம் காட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் தொடாமல் விடுவதே என் வழக்கம்.

நிறத்தை எவ்வளவு மாற்றலாம்? எந்தக் கருவி பாதுகாப்பானது?

லிப்ஸ்டிக்கின் நிறம் வேறாகிவிட்டது என்று மணப்பெண்ணே சொல்லும் அளவுக்கு மாற்றக் கூடாது. நிறம் இன்னும் குறைவாகத் தோன்றினால் Selective Color லேயரை எடுத்து, Relative நிலையில், Reds பகுதியில் மட்டும் வேலை செய்யுங்கள். உதடு இருண்டு தெரிந்தால் Black-ஐ 5 முதல் 10 வரை குறைக்கலாம்; நீலம் பாய்ந்து தெரிந்தால் Cyan-ஐ அதே அளவு குறைக்கலாம். Magenta-வை ஏற்றுவதில்தான் கை தாராளமாகிவிடுகிறது. மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும் முகத்தில் மஜந்தா ஏறிய உதடு, தனியாகப் பார்க்கும்போது அழகாக இருந்தாலும், முகத்தோடு சேர்த்துப் பார்த்தால் நாவல்பழம் தின்ற வாய் மாதிரிதான் தெரியும். தோலிலும் சிவப்பு இருப்பதால் இந்த லேயரின் மாஸ்க் உதட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டும். உதடு எழுநூறு புள்ளி அகலம் என்றால் மாஸ்க்கின் Feather 4 அல்லது 5 இருந்தால் ஓரம் வெட்டியது போல் நிற்காது.

இந்த வேலையில் மிக முக்கியமானது என்று நான் கருதுவது இனிமேல்தான் வருகிறது. உதட்டின் நிறம் தோலுக்குள் சென்று திரும்பும் ஒளியிலிருந்து வருகிறது. மினுமினுப்போ ஈரமான மேற்பரப்பிலிருந்து நேரடியாகத் தெறிக்கும் ஒளி. ஆகவே மினுமினுப்பு எப்போதும் விளக்கின் நிறத்திலேயே இருக்கும், உதட்டின் நிறத்தில் இருக்காது. நிறத்தை மாற்றும் லேயர் அதன்மேலும் படிந்தால் மினுமினுப்பு இளஞ்சிவப்பாகிவிடும். அந்தக் கணமே ஈரம் என்ற உணர்வு போய், சாயம் என்ற உணர்வு வந்துவிடும். இதைத் தடுக்க, நிற லேயரை இருமுறை சொடுக்கி, Blend If பகுதியில் Underlying Layer வரிசையின் வெள்ளை முக்கோணத்தை Alt விசையோடு இழுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 185 அருகிலும் மறுபாதியை 230 அருகிலும் வையுங்கள். 185-க்கு மேல் நிற மாற்றம் படிப்படியாகத் தேய்ந்து, 230-க்கு மேல் அறவே இராது. எண்கள் படத்துக்குப் படம் மாறும். மினுமினுப்பு பழைய வெண்மைக்குத் திரும்பும் வரை இழுத்துப் பார்த்து நிறுத்துவதே சரியான அளவு.

மினுமினுப்பு துண்டுதுண்டாக, உப்புக்கல் சிதறியது மாதிரி இருக்கிறது. வெள்ளை பிரஷால் வரையலாமா?

தூய வெள்ளையால் வரையக் கூடாது. செதில்களின் முனைகள் ஒளியைத் தனித்தனியாகப் பிடித்ததால்தான் அது சிதறியிருக்கிறது. எனவே செதில்களை நீக்கும்போதே தேவையற்ற சிறு புள்ளிகள் போய்விடும். எஞ்சும் நான்கைந்து துண்டுகளே உண்மையான மினுமினுப்பு. அவை எந்த விளக்கிலிருந்து வருகின்றன என்று கண்ணின் கருவிழியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கருவிழியில் இடப்புறம் ஒரு சாஃப்ட்பாக்ஸ் தெரிந்தால், கீழுதட்டின் முதன்மை மினுமினுப்பும் இடப்புறம் சார்ந்தே இருக்க வேண்டும். வலப்புறத்தில் வீடியோ விளக்கு உண்டாக்கிய சிறு புள்ளியை மங்கலாக்கலாம், ஆனால் அழிக்க வேண்டியதில்லை.

துண்டுகளை இணைக்க, Clone Stamp-ஐ Lighten முறையில், Opacity 20 அளவில் வைத்து, இருக்கும் மினுமினுப்பிலிருந்தே மாதிரி எடுத்து, இடைவெளியில் ஓரிரு முறை மட்டும் தொடுங்கள். எல்லா இடைவெளியையும் அடைக்காதீர்கள். உதட்டு வரி குறுக்கிடும் இடத்தில் மினுமினுப்பு உடைந்தே ஆக வேண்டும், ஏனெனில் வரியின் பள்ளம் அந்த ஒளியைக் கேமராவுக்குத் திருப்புவதில்லை. உடையாமல் ஒரே பட்டையாக ஓடும் மினுமினுப்பு கண்ணாடிப் பொம்மையின் உதட்டில்தான் இருக்கும். அதன் ஓரமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருக்காது. மேல் ஓரம் சற்றுக் கூர்மையாகவும் கீழ் ஓரம் கரைந்தும் இருப்பதைப் பல படங்களில் காணலாம்.

மணப்பெண் மேட் லிப்ஸ்டிக் போட்டிருந்தால் கதை வேறு. அதன் இயல்பே மங்கல். அதற்கு மினுமினுப்பைச் சேர்ப்பது திருத்தம் அல்ல, ஒப்பனைக் கலைஞரின் முடிவை மாற்றுவது.

ஒரு படத்தை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை சொல்ல முடியுமா?

ஈரோட்டுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், தை மாத விடியல் முகூர்த்தத்தில் எடுத்த நெருக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். கொங்குக் கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் சீரைத் தொடங்குவதற்கு முன் பெண் சற்றே தலை தாழ்த்தியிருக்கிறாள். 85 மி.மீ. லென்ஸ், இடப்புறம் மேலிருந்து சாஃப்ட்பாக்ஸ், வலப்புறம் மேடையின் மஞ்சள் விளக்கு. உதட்டின் அகலம் படத்தில் எழுநூறு புள்ளிக்குச் சற்றுக் கூடுதல். செங்கல் சிவப்பு லிப்ஸ்டிக். கீழுதட்டின் நடுவில் மூன்று வெண்செதில்கள், அவற்றுக்கு வலப்புறம் ஓர் ஆழமான வெடிப்பு, வலக் கடைவாயில் லிப்ஸ்டிக் போய்ப் பழுப்பு தெரிகிறது, மினுமினுப்பு பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது.

வெள்ளைச் சமநிலையை உதட்டைப் பார்த்து வைக்கவில்லை. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தில் நின்ற இடத்தை வைத்து அமைத்து, பிறகு முகத்துக்காகச் சற்றுச் சூடேற்றியது. இதற்குப் பிறகே உதட்டை 100 சதவீதத்தில் திறந்தது. மூன்று செதில்களும் Darken முறை Clone Stamp-இல் 35 அளவில் போயின. மூன்றாவது செதில் உதட்டின் கீழ் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அங்கே பிரஷைச் சிறிதாக்கி, ஓரத்துக்கு இணையாக மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. வெடிப்பு Lighten முறையில் பக்கத்து வரிகளின் அளவுக்கு ஏறியது. சாம்பல் பூத்த இரண்டு இடங்களும் கடைவாயின் பழுப்பும் ஒரே Color லேயரில் தீர்ந்தன. ஆனால் கடைவாய்க்கு மாதிரியை அதே வலப்பாதியிலிருந்து எடுத்தது முக்கியம், ஏனெனில் இடப்பாதியின் சிவப்பில் மஞ்சள் இல்லை.

இந்தக் கட்டத்தில் படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பார்த்தபோது நிறம் ஏறக்குறைய போதுமானதாகவே இருந்தது. வலப்பாதியின் மஞ்சளை Blue சேனலில் சிறிதளவு தணித்தபின், Selective Color-இல் Reds-இன் Black-ஐ 6 குறைத்ததோடு நிற வேலை முடிந்தது. நிறத்தை முதலில் தொட்டிருந்தால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏற்றியிருப்போம். Blend If மினுமினுப்பைக் காத்தது. எஞ்சியிருந்த ஐந்து ஒளித்துண்டுகளில் இடப்புறத்து மூன்றை இணைத்து, வலப்புறத்து இரண்டைத் தனித்தனியாகவே விட்டோம். மேலுதட்டை யாரும் தொடவில்லை. தலை தாழ்ந்திருந்ததால் அது இன்னும் இருண்டிருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் எல்லா லேயர்களையும் ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்பின் Opacity-ஐ 85-க்குக் குறைத்தோம். ஒரு மணி நேரம் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அளவு தெரியாமல் போகும் என்பதால், வேறு வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இந்த எண்ணை முடிவு செய்வது நல்லது.

மாப்பிள்ளைக்கும் பாட்டிகளுக்கும் இதே முறைதானா?

செதிலை எடுப்பது வரை இதே முறைதான். அதற்குமேல் போக வேண்டாம். ஆண்களின் உதட்டில் மினுமினுப்பை இணைத்தால் உடனே லிப்பாம் பூசியது போல் தெரியும். இணைச்சீர் செய்யும் அக்கா, வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு சிரிக்கும் அப்பத்தா போன்றவர்களின் படங்களில், பல்லில் ஒட்டிய பாக்குத் துணுக்கு, உதட்டில் தொங்கும் தோல் போன்ற அன்றைக்கு மட்டும் இருந்தவற்றை எடுத்துவிட்டு, என்றைக்கும் இருப்பதை விட்டுவிடுங்கள். வெற்றிலைச் சிவப்பை நீக்கிய அப்பத்தாவின் படத்தை அந்த வீட்டில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

லைட்ரூமில் உதட்டை மட்டும் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதே, நூற்றுக்கணக்கான படங்களுக்கு அது போதுமா?

நடுத்தர அளவில் முகம் தெரியும் படங்களுக்குப் போதும். Masking பகுதியில் People என்பதைத் தேர்ந்து Lips மட்டும் குறித்தால் மாஸ்க் வந்துவிடும். Texture-ஐ 10 முதல் 15 வரை குறைத்தால் செதில்களின் உறுத்தல் தணியும். Saturation-ஐ 5-க்கு மேல் ஏற்றத் தேவை வராது. Clarity-ஐக் குறைக்காதீர்கள், மினுமினுப்புக்கும் அதைச் சுற்றிய நிறத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அது கரைத்துவிடும். வாய் திறந்து சிரிக்கும் படங்களில் மாஸ்க் பல்லின்மேலோ ஈறின்மேலோ ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு படத்தின் அமைப்பை வரிசை முழுவதற்கும் ஒட்டும்போது, ஒரே மேடை வெளிச்சத்தில் எடுத்தவற்றுக்கு மட்டும் ஒட்டுங்கள். வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்தவற்றுக்கு அது பொருந்தாது.

திரையில் நன்றாக இருந்த உதடு ஆல்பத்தில் அடர்ந்த சிவப்புத் திட்டாக வருகிறது. ஏன்?

உதட்டின் R மதிப்பு பல இடங்களில் 255-ஐத் தொட்டுவிட்டதே பெரும்பாலும் காரணம். சிவப்புச் சேனலில் ஏற்ற இறக்கம் இல்லாதபோது வரிகளுக்கு வேண்டிய வேறுபாட்டை மற்ற இரண்டு சேனல்கள் மட்டுமே சுமக்கின்றன, அச்சில் அது போதுவதில்லை. கோப்பை அச்சிடும் லேப் கேட்கும் நிறவெளிக்கு, பொதுவாக sRGB-க்கு, மாற்றியபின் Info பலகையைத் திறந்து உதட்டின்மேல் சுட்டியை நகர்த்திப் பாருங்கள். மினுமினுப்பைத் தவிர மற்ற இடங்களில் R 240-ஐத் தாண்டாமல் இருந்தால் வரிகள் அச்சில் நிற்கும். முகூர்த்தப் புடவையின் சிவப்பையும் அதே பார்வையில் சோதித்துவிடலாம், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் தாண்டியிருக்கும்.

மேட் லாமினேஷன் போடும் ஆல்பம் என்றால் சிறிய மினுமினுப்புகள் சற்று அடங்கித் தெரியும். அதற்காகத் திரையில் அவற்றைக் கூட்டுவதற்கு முன், முகப்பகுதியை மட்டும் ஆல்பத்தில் வரப்போகும் அதே அளவில் வெட்டி, 4 × 6 தாளில் அதே லேபில் அதே லாமினேஷனோடு ஒரு சோதனை அச்சு எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கூட்ட வேண்டியிருந்தால், மினுமினுப்பை இணைத்த லேயரை மட்டும் இன்னொரு நகலெடுத்து அதன் Opacity-ஐ 20-இல் வைத்தால் போதும். உதட்டின் நிற லேயர்களை இந்தக் காரணத்துக்காகத் தொட வேண்டியதில்லை.